எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை

வள்ளியம்மாள் அந்த எண்ணெய்ப் பாட்டிலைக் கல்லா மேசைமேல் டொக்கென்று வைத்தாள். பாதி எண்ணெய் அப்படியே இருந்தது.

"இந்தா ராஜமதி, உன் எண்ணெய நீயே வெச்சிக்கோ. எம் பேத்திக்கு ரெண்டு நாளா வயித்தால போவுது."

பேத்தி தெருவில் விற்ற மாங்காயை மிளகாய்த்தூள் தொட்டு வயிறு முட்டத் தின்றதை வள்ளியம்மாள் சொல்லவில்லை. சொல்வாளா? பழியைப் போட ஓர் இடம் கிடைத்துவிட்டால் மாங்காய் யார் கண்ணுக்குத் தெரியும்?

ராஜமதி பாட்டிலைக் கையில் எடுத்துத் திருப்பினாள். "எக்கா, இது நான் பிழிஞ்சது. போன வாரம் நீதான வந்து வாங்கினு போன? இதோ பாரு, அடியில லைசென்ஸ் நம்பரு. டிவியில காட்டுன பாட்டில்ல இருக்குற நம்பரு வேற."

"நம்பர எவ பாக்குறா? நைனார் எண்ணெய் தானே? செஞ்சி நைனார் எண்ணெய் கலப்படம்னு ஊரே சொல்லுது."

சொல்லிவிட்டு வள்ளியம்மாள் பையை உதறிக்கொண்டு போய்விட்டாள். செஞ்சி கடைத்தெருவில் அந்தக் கடை தொடங்கிய நாள் முதலாக ஒரு பாட்டில் எண்ணெய் திரும்பி வந்ததில்லை. அன்றைக்கு மத்தியானத்துக்குள் மேசை நிறைந்துவிட்டது. வேலைக்காரர் செல்லப்பன் ஒவ்வொன்றாக எடுத்துப்போய்ப் பின்கட்டில் அடுக்கினார். அடுக்கும்போது ராஜமதியின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை, பாவம்.

நம்பரை எவள் பார்க்கிறாள் என்று வள்ளியம்மாள் கேட்டதில் தப்பே கிடையாது. அந்த ஊர் ஒரு நாளும் நம்பரைப் பார்த்து எண்ணெய் வாங்கவில்லை. ராஜமதியின் அப்பா குணபாலன் நைனார் ஒரே ஒரு மரச்செக்கோடு தொழில் தொடங்கியபோது கடைக்குப் பெயர்ப்பலகைகூடக் கிடையாது. "நைனார் செக்கு எங்க?" என்று கேட்டால் குழந்தைகூடக் கை காட்டும். நைனார் என்பது அவர்கள் சமணக் குடும்பத்தின் பட்டம். பொழுது சாய்ந்தால் அந்த வீட்டில் சாப்பாடு கிடையாது. பூச்சி பொட்டு தெரியாமல் விழுந்து செத்துப்போனால் பாவம் என்று விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன்பே செக்கையும் நிறுத்திவிடுவார்கள். எண்ணெயைத் துணிபோட்டு வடிகட்டி, வெயிலில் தெளியவைத்து, பகலிலேயே பாட்டிலில் அடைப்பார்கள். அவர்களுக்கு அது நோன்பு. ஊர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. இருட்டில் பூச்சி சாகுமென்று பயப்படுகிறவன் வெளிச்சத்தில் மனுசனுக்குக் கலப்படம் செய்வானா என்று நம்பியது. அப்படிச் சேர்ந்த நம்பிக்கை அது. பிறகு பாட்டிலில் பெயர் ஒட்டியபோது 'செஞ்சி நைனார் கடலை எண்ணெய்' என்று ஊரும் பட்டமும்தான் போட்டார்கள். அதற்குமேல் ஒரு வார்த்தை தேவைப்படவில்லை.

அந்தப் பெயரைத்தான் இப்போது டிவியில் காட்டுகிறார்கள். காட்டிய பாட்டில் அவலூர்பேட்டையிலிருந்து போனது. அவலூர்பேட்டையில் அந்தப் பெயரில் எண்ணெய் அடைக்கிறவன் கோமதேஷ். கோமதேஷ் ராஜமதியின் தம்பி.

வெறும் தம்பியா? அவன் பால்குடி மறப்பதற்குள் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். ராஜமதிதான் அவனுக்குச் சோறு ஊட்டினாள், பேன் பார்த்தாள், பள்ளிக்கூடத்தில் அடி வாங்கி வந்தால் வாத்தியாரிடம் போய்ச் சண்டை போட்டாள். அவளுக்குக் கல்யாணம் ஆகிப் புருஷன் சீக்கிரமே இறந்து அப்பா வீட்டுக்கே திரும்பி வந்தபோது, வாசலில் ஓடிவந்து அவள் பெட்டியை வாங்கிக்கொண்டவனும் அவன்தான். "இனிமே எங்கயும் போவாதக்கா" என்றான். அவளுக்குப் பிள்ளை இல்லை. இருந்த ஒரே பிள்ளை அவன்.

அப்பா இருந்தவரைக்கும் அக்கா செக்கடியில், தம்பி வெளி வியாபாரத்தில். அப்பா போனபிறகு தம்பிக்குக் கொஞ்சம் பெரிய ஆசை வந்தது. ஆசைப்படுவது குற்றமா என்ன? சென்னையில் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்குப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போனான். அங்கே இருந்தவர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "செஞ்சின்னா கோட்டை தெரியும். நைனார்னா யாருங்க?" என்று கேட்டாராம். வந்து சொல்லிச் சிரித்தான். சிரிப்பில் காயம் இருந்தது. இங்கே குழந்தை கை காட்டுகிற பெயர், திண்டிவனம் தாண்டினால் வெறும் எழுத்து.

"பேர மாத்திடலாமாக்கா? எந்த ஊருக்கும் பொருந்துற மாதிரி ஒண்ணு வெச்சிடலாம்" என்றான்.

"நைனா பேர எடுத்துட்டா நம்ம எண்ணெயும் நாடார் கடை எண்ணெயும் ஒண்ணுதான்டா. எவன் நம்புவான்?" என்றாள் ராஜமதி. அப்பாவை அவர்கள் நைனா என்றுதான் கூப்பிடுவார்கள்.

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் தொல்லையே. அவன் பெயரை மாற்றவில்லை. அதையே சுமந்துகொண்டு கடை கடையாக ஏறி இறங்கி, வருஷக்கணக்காக அலைந்து, சென்னைக்காரர்களையும் அந்தப் பெயரைச் சொல்ல வைத்தான். வியாபாரம் பெருகியதும் அவலூர்பேட்டையில் தனியாக மில் போட்டான். செஞ்சிக் கடை அக்காவுக்கு, வெளியூர் வியாபாரம் தம்பிக்கு, பெயர் இருவருக்கும் என்று வாய்ப்பேச்சில் முடிந்தது. வக்கீல் இராமச்சந்திரன் அப்போதே சொன்னார். "ஊர்ப் பேரும் குடும்பப் பட்டமும் யாரோ ஒருத்தருக்குன்னு சட்டுனு ரிஜிஸ்டர் பண்ணித் தர மாட்டாங்கம்மா. இத்தன வருஷமா இந்தப் பேருன்னா இந்தச் சரக்குன்னு ஜனங்க மனசுல இருக்குதுன்னு ஆதாரம் காட்டணும். ரெண்டு பேரும் தனித்தனியா வித்துக்கினு இருந்தா அந்த ஆதாரம் நிக்காது. சேர்ந்து பண்றீங்களா, ஒருத்தர் விட்டுக் குடுக்குறீங்களா, எழுதிக்குங்க. எந்தத் தரத்துல, எந்த ஊருச் சரக்குல பண்ணணும்னும் சேர்த்து எழுதிக்குங்க."

"தம்பிகிட்ட போய்க் கையெழுத்து கேக்கச் சொல்றீங்களா?" என்று ராஜமதி கோபித்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள். கேட்டிருக்கலாம். அன்றைக்கு அது கேட்கக்கூடாத கேள்வியாகத் தெரிந்தது.

நடந்தது இதுதான். சென்னைக்காரர்கள் மழையோ வெயிலோ மாதாமாதம் ஒரே அளவு எண்ணெய் கேட்டார்கள். மார்க்கெட் கமிட்டிக்கு விற்பனைக்கு வருகிற உள்ளூர் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, அறுப்புக் காலத்தில் குவியும், மற்ற மாதங்களில் தேடினாலும் கிடைக்காது. மரச்செக்கோ பகலில் மட்டும் ஓடுவது. எண்ணெய் தர முடியாது என்றால் கடை அலமாரியில் அந்த இடம் போய்விடும், போனால் திரும்பக் கிடைக்காது. கோமதேஷ் மேற்கே ஒரு வியாபாரியிடம் பீப்பாயில் கடலை எண்ணெய் வாங்கிப் பாட்டிலில் அடைத்தான். முதலில் ஒரு மாதத்துக்கு என்று வாங்கினான். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. அந்த வியாபாரி ஒருமுறை பாமாயிலைக் கலந்து அனுப்பியிருக்கிறான். உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் சென்னைக் கடையில் மாதிரி எடுத்தபோது சிக்கியது அந்தப் பாட்டில். செஞ்சி மண்ணையே மிதிக்காத எண்ணெய், மேலே 'செஞ்சி' என்று எழுத்து.

பாட்டில்கள் திரும்பி வந்த அன்று சாயங்காலம் கோமதேஷ் கடைக்கு வந்தான். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே வந்து எண்ணெய்ப் பீப்பாய்மேல் உட்கார்ந்தான். சவரம் செய்யாத முகம்.

"நான் கலக்கலக்கா. அந்த வியாபாரி என்ன ஏமாத்திட்டான்."

"நீ எதுக்குடா வெளிய வாங்குன?"

"எங்க போவச் சொல்ற? நைனா பேரு அந்தக் கடையில நிக்கணும்னுதான் வாங்குனேன்."

"நைனா பேரா? அவரு வெளக்கு வெச்சா செக்கத் தொட மாட்டாரு. நீ எவனோ எந்நேரத்துலயோ பிழிஞ்சத ஊத்தி அவரு பேர ஒட்டியிருக்கிற! செஞ்சின்னு எழுதி ஜனங்கள ஏமாத்துனது அந்த மேக்கத்திக்காரனா, நீயா?"

அவன் தலை குனிந்தபடியே சொன்னான். "தப்புதான். நீ ஒரு வார்த்த சொல்லுக்கா. எந்தம்பி வேணும்னு செய்யலன்னு நீ சொன்னா ஜனங்க கேப்பாங்க. உன்ன மட்டுந்தான் இன்னும் நம்புவாங்க."

"என்ன எங்கடா நம்புறாங்க? பின்னால போய்ப் பாரு, அடுக்கி வெச்சிருக்கிறத!"

கத்தினாள். அவனிடம் கத்தி அவளுக்குப் பழக்கமே இல்லை, குரல் எங்கேயோ போயிற்று. அவன் எழுந்து, ஷட்டரைத் தூக்கி, குனிந்து வெளியே போனான். "சாப்டியா?" என்று கேட்க மறந்தது அவன் போனபிறகுதான் உறைத்தது.

மறுநாள் வக்கீலிடம் போனாள். இராமச்சந்திரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினார். "உங்க தம்பியும் நைனார்தான். அவரு பேர அவரு போட்டுக்கக்கூடாதுன்னு இப்ப நீங்க கேஸ் போட்டா அது எந்தக் காலத்துல முடியுமோ! அதுக்குள்ள கடை இருக்கணுமே. முதல்ல ஜனங்களுக்கு அது வேற இது வேறன்னு தெரியணும். பேப்பர்ல பொது அறிவிப்பு குடுப்போம்."

எழுதிக் கொடுத்தார். அவலூர்பேட்டை நிறுவனத்துக்கும் எங்கள் நிறுவனத்துக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை என்பதுதான் வாசகம். ராஜமதி அதைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். எதிரே டிபன் கடை வைத்திருக்கும் தனசேகரன் வந்திருந்தார். தினமும் அவள் கடை எண்ணெயில் வடை சுட்டவர், பாட்டில்கள் திரும்பிய அன்றைக்கே பாக்கெட் எண்ணெய்க்கு மாறிவிட்டவர். அவரிடமே படித்துக் காட்டினாள்.

"தப்பா நெனச்சிக்காதீங்கக்கா. இத எவன் நம்புவான்?" என்றார் தனசேகரன். "நிறுவனம் வேறயா இருக்கலாம். நைனார்ங்கிறது குடும்பப் பேராச்சே. நீங்க குடும்பத்த நம்பித்தான் வாங்கச் சொன்னீங்க, நாங்களும் குடும்பத்த நம்பித்தான் வாங்குனோம். அவரு உங்க கூடப் பொறந்தவரு. கம்பெனி வேற வேறன்னு சொன்னா, அக்காவும் தம்பியும் சேர்ந்து கண்ணுல மண்ணத் தூவுறாங்கன்னுதான் ஜனம் பேசும்."

ராஜமதி அந்தத் தாளை மேசைமேல் வைத்தாள். தனசேகரன் சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை. கடையைப் பார்த்தாள். செல்லப்பன் வேலை இல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தார். மல்லாட்டை கொடுத்த விவசாயிகள் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார்கள். சுவரில் அப்பா படம். அவர் ஆயுசெல்லாம் சூரியன் போகுமுன் செக்கை நிறுத்தி நிறுத்திச் சேர்த்த பெயர், வாரம் முடியுமுன் கரைந்துவிடும் போலிருந்தது. ஒன்று பெயர் பிழைக்கவேண்டும், இல்லாவிட்டால் தம்பியோடு சேர்ந்து மூழ்கவேண்டும். அவள் பேனாவை எடுத்தாள். 'நிறுவனத்துக்கும்' என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் 'குடும்பத்துக்கும்' என்று தன் கையாலேயே சேர்த்தாள். அப்புறம் உள்ளே போய், வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள்.

அறிவிப்பு ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் வந்தது. கடை வாசலிலும் ஒரு புதுப் பலகை ஏறியது: 'செஞ்சி நைனார் கடலை எண்ணெய். எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை.' ஊர் அதை ஆற அமரப் படித்தது. கூடப்பிறந்த தம்பியையே வெட்டிவிட்டாளே, இவளா கலப்படம் செய்வாள் என்றது. இப்படியும் ஒரு நம்பிக்கை! தனசேகரன்தான் முதலில் வந்தார். வள்ளியம்மாள் ஒரு வாரம் வீம்பாக இருந்துவிட்டு, "உன்ன தெரியாதா எனக்கு?" என்று சிரித்துக்கொண்டே பையோடு வந்து நின்றாள். ராஜமதி ஊற்றிக் கொடுத்தாள்.

அவலூர்பேட்டை மில் மூடப்பட்டது. மேல்சித்தாமூர்ச் சமணக் கோயில் திருவிழாவில் சொந்தபந்தங்கள் கூடியபோது கோமதேஷ் வரவில்லை. வந்தவர்கள் ராஜமதியிடம் அவனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் அவள் சங்கடப்படுவாள் என்று நினைத்தார்கள். யாராவது கேட்கமாட்டார்களா என்றுதான் அவள் பந்தி முடியும்வரை காத்திருந்தாள். சில மாதம் கழித்து வக்கீல் கூப்பிட்டனுப்பினார். கோமதேஷ் யாரும் கேட்காமலே வந்து, எண்ணெய்த் தொழிலில் இனி அந்தப் பெயரைப் பயன்படுத்த மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனானாம். "இனிமே ரிஜிஸ்ட்ரேஷனுக்கு உங்க பக்கம் ரொம்ப சுத்தமா இருக்குதும்மா" என்றார் வக்கீல். சந்தோஷமாகத்தான் சொன்னார்.

மறுநாளே அவலூர்பேட்டைக்குப் பஸ் ஏறினாள் ராஜமதி. அவனைக் கையைப் பிடித்து அழைத்து வந்துவிடுவது என்று முடிவு. வழியெல்லாம் மனசுக்குள் பேசிக்கொண்டே போனாள். பழையபடி நான் செக்கடியில், நீ கல்லாவில். சென்னை வேண்டாம், இருக்கிறது போதும்.

கதவைத் திறந்தவள் கோமதேஷின் மனைவி ஜினப்பிரியா. அவள் கண் ஒரு நொடி சிவந்தது. ஆனாலும், "வாங்கண்ணி, உக்காருங்க" என்றாள். கோமதேஷ் ஒரு நெல் மண்டியில் கணக்கு எழுதப் போயிருந்தான், சாப்பாட்டுக்கு வந்தான். அக்காவைப் பார்த்ததும் போய்க் கை கழுவிக்கொண்டு வந்து, "முதல்ல சாப்டுக்கா" என்றான். இலை போட்டார்கள். வாழைக்காய் வறுவலை வாயில் வைத்ததும் ராஜமதிக்குத் தெரிந்துவிட்டது, பாக்கெட் எண்ணெய். செக்கு வைத்திருந்தவன் வீட்டில் பாக்கெட் எண்ணெய். அவள் மென்று விழுங்கினாள். இலையில் எதையும் மீதி வைக்கவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் கேட்டாள். "வந்துடுடா. நான் புத்தி கெட்டுப் போய் எழுதிட்டேன். எனக்கு யாரு இருக்காங்க? கடை உன்னுதும்தான். வந்து கல்லாவுல உக்காரு."

கோமதேஷ் பேசியபோது குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவள் காலைப் பிடித்தாவது இழுத்து வந்திருப்பாள்.

"கோவத்துல சொல்றேன்னு நெனச்சிக்காதக்கா. நீ எழுதுனது சரிதான். நானா இருந்தாலும் அதத்தான் எழுதியிருப்பேன். ஆனா யோசிச்சிப் பாரு. ஜனங்க இன்னாத்துக்கு உன் கடைக்குத் திரும்பி வந்தாங்க? எண்ணெய டெஸ்ட் பண்ணிப் பாத்தா வந்தாங்க? நான் உனக்கு யாரும் இல்லன்னு நீ போட்டதப் படிச்சிட்டு வந்தாங்க. நாளைக்கு நான் கல்லாவுல உக்காந்தா, நீ போட்டது பொய்யின்னு ஆயிடும். நைனார் வூட்டுல பொய் சொல்ல மாட்டாங்கன்னுதானே நைனா பேரே நிக்குது? நான் உள்ள வந்தா அது வெளிய போயிடும்."

"அப்ப நோம்பு நாளைக்காவது வாயேன். பொழுதோட வந்து சாப்ட்டுட்டுப் போயிடு."

"யாராவது பாத்தா?"

சின்ன ஊர், யாராவது பார்க்கத்தான் செய்வார்கள். தலையைத் தடவிக் கொடுக்கக் கையைத் தூக்கினாள், அவனே குனிந்து காட்டினான். நரைத்துப்போயிருந்தது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவன் கூட வரவில்லை. தெருமுனையிலேயே நின்றுவிட்டான்.

செஞ்சி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அடுத்த ஊரில் காய்கறிக் கூடையோடு ஏறிய ஒரு பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ராஜமதியை உற்றுப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தாள்.

"நைனார் கடை அக்காதானே? எங்க வூட்டுல உங்க எண்ணெயத் தவிர வேற எண்ணெய் வாங்குறதே இல்லக்கா. அவலூர்பேட்டையிலேர்ந்தா வரீங்க? அங்க யாரு இருக்காங்க உங்களுக்கு?"

வாழைக்காய் வறுவலின் மணம் இன்னும் கையில் இருந்தது. ராஜமதி கையை மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"யாரும் இல்லம்மா" என்றாள். "கமிட்டியில மல்லாட்ட பாக்க வந்தேன்."

"அதான பாத்தேன். நீங்கதான் பேப்பர்லயே போட்டுட்டீங்களே" என்று அந்தப் பெண் திருப்தியாகத் தலையாட்டினாள். "நாளைக்குச் சந்தைக்கு வருவேன். ரெண்டு லிட்டர் எடுத்து வையுங்கக்கா."

"சரிம்மா, எடுத்து வெக்கிறேன்" என்றாள் ராஜமதி.